நேற்று வாங்கிய பிரியாணியைச் சூடு பண்ணுவதற்கு முன்னால்

என் தம்பி ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு சாப்பிட்டது போக மீந்த சிக்கன் பிரியாணியை, வாங்கி வந்த பார்சலிலேயே திரும்ப மடித்து, சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டுத் தூங்கிப்போனான். காலை ஒன்பது மணிக்கு எழுந்ததும் அதைக் கடாயில் கொட்டி, ஆவி பறக்கப் பறக்கச் சூடு பண்ணி ரசித்துச் சாப்பிட்டிருக்கிறான். பதினொன்றரைக்கெல்லாம் வாந்தி ஆரம்பித்து, சாயங்காலம் வரை தண்ணீர்கூடத் தங்கவில்லை. எனக்கு ஃபோன் பண்ணியபோது அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கொதிக்கக் கொதிக்க சூடு பண்ணித்தான்டா சாப்பிட்டேன், வாசனைகூட நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் சொன்ன இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த இரண்டுக்கும் அவனைக் காப்பாற்றும் சக்தி கிடையாது. ஏன் கிடையாது என்பது புரிந்துவிட்டால், மீந்த பிரியாணியை என்ன செய்வது என்பது தானாகவே புரிந்துவிடும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சூடு பண்ணும் முறை அப்புறம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. மண்ணில் வாழ்வது, அதனால் நெல்லோடு சேர்ந்தே வந்துவிடும். எந்தக் கடை அரிசியிலும், நம் வீட்டு அரிசியிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வறட்சியும் வெயிலும் வந்தால் இது விதை மாதிரி ஒரு கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். அந்த விதை நிலையில் சோறு கொதிக்கும் சூட்டைக்கூடத் தாங்கும். தம் போட்டு இறக்கிய பிரியாணியில் மற்ற கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும், இது தூங்கிக்கொண்டிருக்கும். சோறு சூடாக இருக்கிற வரை, அதாவது 60 டிகிரிக்கு மேல் இருக்கிற வரை, பிரச்சினை இல்லை. ஆறி வெதுவெதுப்புக்கு வரும்போது அது முளைக்கிறது. நம் ஊர் ராத்திரிச் சூடு 28, 30 டிகிரி என்பது அதற்குப் பிடித்தமான சூடு.

இந்தச் சூட்டில் அது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அரை மணிக்கு ஒரு முறை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்: எட்டு மணி நேரத்தில் பதினாறு முறை இரட்டிப்பு. நூறு கிருமியில் ஆரம்பித்தால் காலையில் 65 லட்சம். முளைக்க ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் பிடிக்கும், எல்லா ராத்திரியும் இவ்வளவு வேகமும் இருக்காது என்று குறைத்துக்கொண்டாலும், மேசை மேல் விட்ட பார்சல் ஆபத்தான இடத்துக்குப் போகப் போதுமான நேரம் இருக்கிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, காலையில் சூடு பண்ணினால் முளைத்த கிருமிகள் செத்துவிடும். அவை பெருகும்போது சோற்றில் விட்டுவைக்கிற நஞ்சுதான் சாகாது. செரியுலைடு என்று அதற்குப் பெயர். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது அழிவதில்லை. நம் வீட்டு பிரஷர் குக்கர் முழு விசிலில் எட்டுகிற சூடு கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடாயில் பத்து நிமிடம் புரட்டினால் அதற்கு என்ன ஆகப்போகிறது? தம்பி சாப்பிட்டது கிருமியை இல்லை, அது விட்டுப்போன நஞ்சை. அதனால்தான் இரண்டரை மணி நேரத்திலேயே வாந்தி. இந்த நஞ்சால் வருகிற வாந்தி பெரும்பாலும் சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஒரு நாளில் அடங்கியும் விடும். ஆனால் சின்னக் குழந்தைக்கோ வயதானவருக்கோ வாந்தி நிற்காமல் போனால், சிறுநீர் போவது குறைந்தால், மயக்கமாகக் கிடந்தால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இந்த நஞ்சுக்கு நிறமோ வாசனையோ சுவையோ கிடையாது. சோறு நூல் விட்டால், கொழகொழத்தால், புளித்த வாடை அடித்தால் குப்பையில் போடுங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அப்படி எதுவும் இல்லை என்பதால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. பிரியாணியில் பட்டையும் கிராம்பும் புதினாவும் வேறு கிடக்கிறது, லேசான கெட்ட வாடை இருந்தாலும் அதற்குள் அமுங்கிவிடும். மூக்கை நம்ப வேண்டாம், கடிகாரத்தை நம்புங்கள்.

பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியில்தானே இருக்கிறது, அதைச் சாப்பிட்டு எத்தனை தலைமுறை வளர்ந்திருக்கிறது என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். அதில் தயிரைப் புளிக்க வைக்கிற வகைக் கிருமிகள் பெருகி, ராத்திரியோடு ராத்திரியாகப் புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்பில் நம் ஆள் சரியாக வளர முடியாது. பிரியாணியில் அந்தத் தண்ணீரும் இல்லை, அந்தப் புளிப்பும் ஏறுவதில்லை. கறித்துண்டும் கொழுப்பும் வேறு இருப்பதால், கறியில் வளர்கிற வேறு சில கிருமிகளுக்கும் இடம் கிடைக்கிறது. இரண்டும் சோறுதான், ஆனால் பாத்திரத்துக்குள் நடப்பது வேறு வேறு.

சரி, அப்படியானால் மீந்ததைக் கொட்டிவிட வேண்டுமா? வேண்டாம். நானே மாதத்துக்கு இரண்டு முறையாவது மறுநாள் பிரியாணி சாப்பிடுகிறவன்தான், மசாலா ஊறிய மறுநாள் பிரியாணிக்கு ஒரு தனி ருசி உண்டு என்றுகூடச் சொல்வேன். செய்ய வேண்டியதை முந்தின ராத்திரியே செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ராத்திரி எட்டரைக்கு இரண்டு சிக்கன் பிரியாணி பார்சல் வந்தது, கையில் பிடிக்க முடியாத சூடு. ஒன்பதுக்கு உட்கார்ந்தோம், இலையைப் பிரித்ததுமே இன்றைக்கு ஒன்றரைதான் தீரும் என்று தெரிந்துவிட்டது. அதனால் சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பாதிப் பார்சலை எச்சில் படாமல் சுத்தமான கரண்டியால் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் எடுத்து, ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்தேன். முட்டையும் தயிர் வெங்காயமும் தனியாகப் போனது. சாப்பிட்டு எழுந்தபோது ஒன்பதரை, தட்டின் அடியில் கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியவில்லை. அகலமான, உயரம் குறைந்த டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், உள்பக்கமாக வைத்தேன், கதவில் இல்லை, கதவு அடிக்கடி திறக்கிற இடம். சூடாக வந்ததிலிருந்து ஃப்ரிட்ஜ் போவதற்கு ஒரு மணி நேரம். அது மறுநாள் மதியச் சாப்பாடு ஆயிற்று.

அந்தப் பரப்புகிற வேலையைச் சும்மா சொல்லவில்லை. பார்சலாகவே ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வாழை இலை, அதற்கு மேல் பேப்பர், அதற்கு மேல் சில்வர் ஃபாயில், எல்லாமே கடைக்காரர் சூடு போகாமல் இருக்கக் கட்டியது. வெளிப்பக்கம் ஜில்லென்று ஆகிவிடும், நடுவில் இருக்கிற சோற்றுக் கட்டி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கிருமிக்கு ஒரு கூடு கட்டிக் கொடுத்த மாதிரி. பக்கெட் பிரியாணி வாங்குகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், இரண்டு கிலோ சோறு அந்தப் பக்கெட்டிலேயே ஆறி முடிக்க ராத்திரி முழுக்க ஆகும்.

சமைத்த சாப்பாடு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம், இதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏப்ரல், மே மாதச் சென்னையில் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிகாரம் நீங்கள் சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை, சோறு சூடு இறங்கியதிலிருந்து ஓடுகிறது. கடையில் அண்டாவுக்கு அடியில் கரி போட்டுச் சூடாகவே வைத்து விற்றிருந்தால் உங்கள் கைக்கு வந்தபோது கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்காது. பார்சல் வாங்கும்போதே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்றால், அது எத்தனை மணியிலிருந்து அப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பார்சலை அன்றைக்கே சாப்பிடுங்கள், மிச்சம் வைக்காதீர்கள்.

ஃப்ரைடு ரைஸ் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. ஃப்ரைடு ரைஸுக்குச் சூடான சோறு ஆகாது, குழைந்து ஒட்டும். அதனால் கடைகளில் மதியமே சோறு வடித்து, பரப்பி ஆறப் போட்டு, சாயங்காலம் ஆர்டர் வர வர எடுத்து வறுப்பார்கள். உங்களுக்கு ஆவி பறக்கக் கிடைக்கிற ஃப்ரைடு ரைஸில் இருக்கிற சோறு ஏற்கெனவே சில மணி நேரம் வெளியில் கிடந்ததாக இருக்கலாம். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தபோதுதான் இந்தக் கிருமியின் வாந்தி வகை வெளிச்சத்துக்கு வந்தது. அங்கேயும் காரணம் இதேதான்: மொத்தமாக வடித்த சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி தட்டி வறுக்க வராது என்று வெளியிலேயே வைத்திருந்தார்கள். சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிற கடை என்று உங்களுக்குத் தெரிந்தால் மிச்சத்தை எடுத்து வையுங்கள். தள்ளுவண்டியில் கூடை நிறையச் சோறு திறந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கியிருந்தால், மறுநாளுக்கு வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இடத்தில் அளவாக வாங்குவதுதான் நல்லது.

எடுத்து வைத்ததை எத்தனை நாள் சாப்பிடலாம்? நான் மறுநாள் மதியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒழுங்காக 5 டிகிரிக்குள் இருக்கிற ஃப்ரிட்ஜானாலும் ஒரு நாளுக்கு மேல் கடைச் சோற்றை இழுக்க எனக்கு மனசு வருவதில்லை, நம் கைக்கு வருவதற்கு முன்னால் அது எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்பது முழுசாகத் தெரியாது என்பதுதான் காரணம். ராத்திரி மூன்று நான்கு மணி நேரம் கரண்ட் போய்விட்டது என்றால் அந்த ஒரு நாளும் கிடையாது.

இப்போது சூடு பண்ணுவதற்கு வரலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிரியாணியைத் தொட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பருக்கையும் விறைத்து, கடித்தால் அரைவேக்காடு மாதிரி நறுக்கென்று இருக்கும். ஈரம் காய்ந்துவிட்டது என்று நினைப்போம், அது பாதிதான் உண்மை. வேகும்போது தண்ணீர் குடித்து இளகிய மாவுச்சத்து, குளிரில் மறுபடி நெருங்கி இறுகிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜ் சூட்டில்தான் இது வேகமாக நடக்கும். மறுபடி நன்றாகச் சூடேறினால் அந்த இறுக்கம் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும், ஆனால் அவிழும்போது அதற்குப் பக்கத்தில் ஈரம் வேண்டும். அதனால் பிரியாணிக்குத் தேவை நீராவி. எண்ணெயோ நெய்யோ ஊற்றிப் புரட்டினால் வெளியே பளபளக்கும், உள்ளே விறைப்பு அப்படியே இருக்கும்.

எனக்குப் பிடித்தது இட்லிப் பானை. பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு, தட்டில் ஈரத் துணி விரித்து, சோற்றைப் போட்டு, நடுவில் ஒரு குழி விட்டு, மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து மூடினால் மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சோற்றில் விழாது. பெரிய கறித்துண்டுகளை இரண்டாகப் பிய்த்து அடியில் போடுங்கள், கறி சூடேறச் சோற்றை விட நேரம் எடுக்கும். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம். சீரகச் சம்பா பிரியாணிக்கு இது அருமையாக வரும், பருக்கை உடையாது, அந்த வாசனையும் திரும்பி வரும்.

இட்லிப் பானை இல்லை என்றால் அடி கனமான பாத்திரத்தில் சோற்றைப் பரப்பி, ஒரு தட்டு பிரியாணிக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரை ஓரமாகத் தெளித்து, கெட்டியாக மூடி, அடியில் தோசைக்கல்லை வைத்துச் சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். கடைக்காரர் போட்ட தம்மையே நாமும் சின்ன அளவில் போடுகிறோம். முதல் ஐந்து நிமிடத்துக்கு மூடியைத் திறக்கவும் வேண்டாம், கரண்டி போடவும் வேண்டாம். விறைத்திருக்கிற பருக்கையைக் கிளறினால் இரண்டாக உடையும், பாஸ்மதி என்றால் உப்புமா மாதிரி ஆகிவிடும். ஆவி ஏறி இளகிய பிறகு அடியிலிருந்து ஒரு தடவை மெதுவாகத் திருப்பினால் போதும்.

மைக்ரோவேவில் வைக்கிறவர்கள் முதலில் சோற்றைப் பீங்கான் தட்டுக்கோ கண்ணாடிப் பாத்திரத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். ஃபாயில் ஒட்டிய பார்சல் உள்ளே போனால் பொறி பறக்கும், கடை கொடுக்கிற மெல்லிய பிளாஸ்டிக் டப்பா எண்ணெய் சூட்டில் நெளிந்துபோகும். வட்டமாக, நடுவில் காலி விட்டு அடுக்கி, தண்ணீர் தெளித்து, லேசாக இடைவெளி விட்டு மூடி, ஒன்றரை நிமிடம் ஓட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளி, இன்னும் ஒன்றரை நிமிடம். வெளியே எடுத்ததும் இரண்டு நிமிடம் மூடியபடியே விடுங்கள், மைக்ரோவேவ் ஒரு இடத்தைச் சுட வைத்து இன்னொரு இடத்தை ஜில்லென்று விட்டுவிடும், அந்த இரண்டு நிமிடத்தில்தான் சூடு பரவும். அவித்த முட்டையை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், உள்ளே ஆவி கட்டி வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்துக் கத்தி வைத்த பிறகு முகத்திலேயே வெடிக்கும். முட்டையைச் சூடான சோற்றுக்குள் ஐந்து நிமிடம் புதைத்து வைத்தாலே குளிர் போய்விடும்.

ஃப்ரைடு ரைஸுக்கு வழி வேறு. அதை நீராவியில் வைத்தால் நொசநொசத்துப்போகும். டப்பாவில் ஜில்லென்று இருக்கும்போதே விரலை நனைத்துக்கொண்டு கட்டிகளை உதிர்த்துவிடுங்கள். கடாயை நன்றாகக் காயவிட்டு அரைக் கரண்டி எண்ணெய் ஊற்றி, ஒரு ஆளுக்கான அளவு மட்டும் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து உடனே மூடி ஒன்றரை நிமிடம் வையுங்கள், இந்த ஆவியில் சோறு உள்ளே இளகும். அப்புறம் மூடியைத் திறந்து பெரிய தீயில் ஈரம் வற்றும் வரை வறுத்து இறக்கலாம். மொத்தத்தையும் ஒரே தடவை கொட்டினால் கடாயின் சூடு இறங்கி, வறுபடுவதற்குப் பதில் வேகத்தான் செய்யும். முட்டைக்கோஸ் நேற்றைய மொறுமொறுப்புக்குத் திரும்பாது, அதை விட்டுவிடுங்கள், இறக்கும்போது வெங்காயத்தாள் கொஞ்சம் புதிதாக நறுக்கிப் போட்டால் போதும்.

எந்த முறையானாலும் போதுமான சூடு என்பது நடுவில் 75 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் எப்படிப் பார்ப்பது? ஓரத்து ஆவியை நம்பாமல், நடுவில் கரண்டியால் விலக்கிப் பாருங்கள், அங்கேயிருந்தும் ஆவி எழ வேண்டும். இருப்பதிலேயே பெரிய கறித்துண்டைப் பிய்த்து எலும்போடு ஒட்டிய சதையைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியாமல் எடுத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜிலும் மெதுவாக வளர்கிற கிருமிகளும், கறியில் இருப்பவையும் இந்தச் சூட்டில் சாகும், நன்றாக எடுத்து வைத்த பிரியாணிக்கு இந்தச் சூடு தேவைதான், அதனால் வெதுவெதுப்பானதும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள்.

டப்பா முழுவதையும் சூடு பண்ண வேண்டாம், தட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். சூடு பண்ணி மீந்ததை மறுபடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்பினால், ஆறும் நேரம் ஒரு தடவை, சூடேறும் நேரம் ஒரு தடவை என்று அந்த வெதுவெதுப்புக் கட்டத்தை அது இரண்டாம் முறையும் கடக்கிறது. தயிர் வெங்காயத்தையும் நேற்றையதை எடுக்காமல், அரை வெங்காயம் நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி இன்றைய தயிரில் கலந்துகொள்ளுங்கள், நேற்றையது தண்ணீர் விட்டுப் புளித்துப்போயிருக்கும்.